கொட்டகை கிடைக்கும், கடன் கிடைக்கும், ஆர்டர் யார் தருவார்? திருப்பூர் வட்டாரத்தில் தலித் தொழில்முனைவும் அரசுத் திட்டங்களும்

திருப்பூருக்கு அருகிலுள்ள முதலிபாளையத்தில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. ஒன்று, நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரியில் மத்திய அரசின் அடல் புத்தாக்கத் திட்டத்தின் கீழ் அமைந்த ஜவுளி, ஆடைத் துறைக்கான இன்குபேஷன் மையம். மற்றொன்று, பட்டியல் சாதித் தொழில்முனைவோருக்கென்று தாட்கோ நிறுவனம் கட்டிய பின்னலாடைத் தொழிற்பேட்டை. முன்னதில் புதிய நிறுவனங்களுக்கு வழிகாட்டிகளும் ஆய்வகமும் முதலீட்டாளர் சந்திப்புகளும் உண்டு. பின்னதில் கொட்டகைகள் கட்டப்பட்டன. அவற்றுள் பல நெடுங்காலம் பூட்டிக் கிடந்தன.

இதற்குப் பலரும் சொல்லும் விளக்கம், "அவர்களுக்குத் தொழில் செய்யத் தெரியவில்லை" என்பதே. திருப்பூரின் தையல் மேசைகளில் ஆயிரக்கணக்கான தலித் தொழிலாளர்கள் தலைமுறைக் கணக்கில் உழைத்துவரும் வட்டாரத்தில் இதைச் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும். தொழில் தெரிந்தவருக்கு இடமும் கடனும் கிடைத்த பிறகும் தொழில் ஏன் நிலைப்பதில்லை என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இன்குபேட்டர், ஆக்சிலரேட்டர், மானியத் திட்டம் என்று நாம் அன்றாடம் கேட்கும் சொற்களின் பொருளும் வரம்பும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கின்றன.

இன்குபேட்டர் என்ற சொல்லின் பிறப்பு உடுமலை, பல்லடம் பக்கத்து மக்களுக்கு எளிதில் விளங்கும். கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் முட்டைகளுக்கு உரிய வெப்பத்தை அளிக்கும் கருவியின் பெயர் அது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் படேவியா என்ற சிற்றூரில், வேளாண் கருவிகள் செய்துவந்த மாசி-ஹாரிஸ் தொழிற்சாலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்து நின்றது. 1959இல் அந்தப் பெருங்கட்டடத்தை மன்குசோ குடும்பத்தினர் வாங்கினர். முழுவதையும் ஒருவருக்கே வாடகைக்கு விட முடியாததால், சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துப் பல சிறு தொழில்களுக்குக் கொடுத்தனர். அலுவலகப் பணிகளைப் பொதுவாக வைத்தனர். கடன் பெறவும் உதவினர். வாடகைக்கு வந்தவற்றுள் ஒன்று கோழிக்குஞ்சு பொரிக்கும் நிறுவனம். அதைக் காட்டி வேடிக்கையாகச் சொன்ன பெயரே நிலைத்துவிட்டது. உலகின் முதல் இன்குபேட்டர் கணினித் துறைக்காகத் தோன்றியதன்று. வேலையிழந்த ஓர் ஊரில் இடம், பொதுச் சேவை, கடன் தொடர்பு ஆகிய மூன்றையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்த ஏற்பாடு அது.

ஆக்சிலரேட்டர் அதன் பிந்திய வடிவம். 2005இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒய் காம்பினேட்டர் இதற்கு முன்மாதிரியானது. ஏற்கெனவே உருவாகிவிட்ட நிறுவனங்களில் சிலவற்றைத் தேர்ந்து, சில மாதங்கள் தீவிரப் பயிற்சியளித்து, முடிவில் முதலீட்டாளர் முன் நிறுத்துவார்கள். அதற்கு ஈடாக நிறுவனத்தின் பங்குகளில் ஒரு சிறு பகுதியைப் பெறுவார்கள். முதலாவது தொழில் பிழைத்திருக்க உதவுகிறது. இரண்டாவது பிழைத்த தொழில் விரைந்து பெருக உதவுகிறது. இந்த வேறுபாட்டை மறந்தால் அரசுத் திட்டங்களைப் பற்றிய பேச்சு எப்போதும் குழம்பும்.

திருப்பூருக்கு ஏற்கெனவே ஓர் இன்குபேட்டர் உண்டு

திருப்பூரின் பின்னலாடைத் தொழில் எந்த அரசு இன்குபேட்டரிலும் பொரிக்கப்படவில்லை. 1970கள் முதல் இந்நகரில் முதலாளிகளாக உயர்ந்தவர்களில் கணிசமானோர் கொங்கு வேளாளக் கவுண்டர் சமூகத்தின் சிறு உழவர் குடும்பங்களிலிருந்து வந்து, பனியன் கம்பெனிகளில் தொழிலாளர்களாக வேலை செய்தவர்கள். ஆய்வாளர் சரத் சாரி, 'சகோதர மூலதனம்' என்று பொருள்படும் தலைப்பில் 2004இல் வெளியிட்ட நூலில் இந்த உயர்வை விரிவாக ஆராய்ந்தார். அவரிடம் பேசிய முதலாளிகள் தங்கள் வெற்றிக்குக் காரணமாகத் திரும்பத் திரும்பச் சொன்ன சொல், உழைப்பு.

அவர்கள் உழைத்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே கம்பெனியில் அதே மேசையில் உழைத்த அருந்ததியருக்கும் ஆதிதிராவிடருக்கும் அந்த உழைப்பு மூலதனமாக மாறவில்லை. உழைப்பை மூலதனமாக மாற்றிய இடைக்கருவி சாதி உறவுகள். வேலை கற்ற தொழிலாளி தனியே இரண்டு இயந்திரம் போட நினைத்தால், பங்காளியோ மாமன் மச்சானோ கூட்டுச் சேர்வார். பழைய முதலாளியே ஜாப் ஒர்க் கொடுப்பார். துணியும் நூலும் கடனுக்குக் கிடைக்கும். சனிக்கிழமைச் சம்பளத்துக்குப் பணம் குறைந்தால் உறவுக்குள் கைமாற்று கிடைக்கும். ஊரில் இருக்கும் தோட்டம் எல்லாவற்றுக்கும் பின்னால் ஈடாக நிற்கும். ஆர்டர், இடம், கடன், தவறினாலும் மீண்டெழ அவகாசம் என்று ஓர் இன்குபேட்டர் தர வேண்டிய அனைத்தையும் இந்த வலைப்பின்னல் தந்தது. அதன் வாசலில் சாதிச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையே இருக்கவில்லை.

இதே வட்டாரத்தின் சிற்றூர்களில் நீண்ட கள ஆய்வு செய்த கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நெவ் ஆகியோரின் கட்டுரைகள் மறுபக்கத்தைக் காட்டுகின்றன. திருப்பூரின் பின்னலாடை வேலை, பண்ணையடிமை முறையிலிருந்து வெளியேறத் தலித் இளைஞர்களுக்கு ஒரு வழியைத் திறந்தது. ஆனால் விசைத்தறிகளைச் சார்ந்த ஊர்களில் முன்பணம் வாங்கிய தலித் தொழிலாளர்கள் கடனால் கட்டுண்டனர். கடன் என்ற அதே சொல் ஒரு சாதிக்கு ஏணியாகவும் மற்றொரு சாதிக்குத் தளையாகவும் இருந்ததை இங்கே காணலாம்.

ஆகவே அரசுத் திட்டம் எதையும் மதிப்பிட ஓர் எளிய அளவுகோல் நம்மிடம் உண்டு. சாதி வலைப்பின்னல் ஒரு தொடக்கத் தொழிலுக்குத் தந்தவற்றுள் எதை எதை இந்தத் திட்டம் ஈடுசெய்கிறது?

அம்பேத்கர் பெயரிலான திட்டம் என்ன தருகிறது

தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இவ்வகைத் திட்டங்களில் மிகத் தாராளமானது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் நேரடி வேளாண்மை தவிர்த்த உற்பத்தி, வணிகம், சேவை ஆகிய எந்தத் தொழிலுக்கும் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு 55. குறைந்தபட்சக் கல்வித் தகுதி இல்லை. திட்ட மதிப்பில் 35 விழுக்காட்டை, 1.5 கோடி ரூபாய் உச்சவரம்புக்கு உட்பட்டு, அரசு மானியமாகத் தருகிறது. மீதி 65 விழுக்காடு வங்கிக் கடன். அந்தக் கடன் வட்டியிலும் 6 விழுக்காட்டை அதிகபட்சம் பத்து ஆண்டுகள் வரை அரசு ஏற்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சாதாரண வங்கிக் கடனில் திட்ட மதிப்பில் கால் பங்கு வரை தொழில்முனைவோர் தம் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். இதை மார்ஜின் என்பார்கள். நிலமோ நகையோ இல்லாத குடும்பம் வாசலிலேயே நின்றுவிடுவது இந்த மார்ஜினால்தான். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்திலும் கிராமப்புறப் பட்டியல் சாதியினருக்கு 35 விழுக்காடு மானியம் உண்டு. ஆனால் அந்தத் தொகை மூன்றாண்டுகள் வங்கியில் வைப்பாக இருந்து பின்னரே கடனில் கழிக்கப்படும். சொந்தப் பங்காக 5 விழுக்காடும் கொண்டுவர வேண்டும். மாநிலத் திட்டத்தில் மானியம் முன்கூட்டியே வந்து மார்ஜினின் இடத்தை நிரப்புகிறது. தோட்டத்தை அடகு வைத்துக் கூட்டுச் சேரும் பங்காளியின் இடத்தில் அரசு வந்து நிற்கிறது என்று இதைச் சொல்லலாம்.

இனி மடத்துக்குளத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அமராவதிக் கரையிலுள்ள இந்த வட்டம் திருப்பூர் மாவட்டத்தின் தென்பகுதியில் இருக்கிறது. பனியன் கம்பெனிகள் நிறைந்த நகரிலிருந்து ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் தொலைவு. நெல்லும் கரும்பும் தென்னையும் விளையும் பூமி. நிலம் யாரிடம் இருக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. இங்கிருந்து திருப்பூர் சென்று பத்தாண்டு ஓவர்லாக், பிளாட்லாக் ஓட்டிய ஓர் அருந்ததியர் பெண், சொந்த ஊரிலேயே ஒரு பவர்டேபிள் பிரிவு தொடங்க நினைக்கிறார் என்று கொள்வோம். பவர்டேபிள் என்பது, பெரிய கம்பெனி வெட்டிக் கொடுக்கும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு தையல் பிரிவு. திருப்பூரில் தொழிலாளி முதலாளியாகும் முதல் படி பெரும்பாலும் அதுதான்.

கீழுள்ள தொகைகள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. இருபது இயந்திரம், மேசைகள், மின் இணைப்பு, அயர்ன் மேசை எல்லாம் சேர்த்துத் திட்ட மதிப்பு 15 லட்சம். மானியம் 5.25 லட்சம், கடன் 9.75 லட்சம். வட்டி 11 விழுக்காடு, ஐந்தாண்டுத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 21,200 ரூபாய் கட்ட வேண்டும். வட்டி மானியத்தால் முதல் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ அரை லட்சம் ரூபாய் மிச்சமாகும். காகிதத்தில் இது நன்றாகவே ஓடக்கூடிய தொழில்.

இப்போது சனிக்கிழமை வருகிறது. இருபது தையலர்கள், செக்கிங், கைமடி, உதவி என்று இருபத்தைந்து பேர். சராசரி நாள்கூலி 500 ரூபாய் என்றால் ஆறு நாளைக்கு 75,000 ரூபாய். திருப்பூர் வட்டாரத்தில் கூலி வாரக் கணக்கு; அதைத் தள்ளிப்போட முடியாது. ஆனால் தைத்துக் கொடுத்த சரக்குக்கு ஆர்டர் தந்த கம்பெனி அறுபது நாள் கழித்துப் பணம் தருகிறது என்று வையுங்கள். அந்த அறுபது நாளில் கூலிக்கு மட்டும் ஏறத்தாழ 6.4 லட்சம் ரூபாய் கையிலிருந்து போக வேண்டும். வாடகை, மின்கட்டணம், கடன் தவணை இவற்றைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

திட்ட அறிக்கை எழுதித் தருபவர்கள் பெரும்பாலும் இயந்திர விலையைத் துல்லியமாகப் போடுகிறார்கள், இந்த 6.4 லட்சத்தை நடைமுறை மூலதனம் என்ற ஒற்றை வரியில் ஓர் உருண்டைத் தொகையாகக் கடந்துவிடுகிறார்கள். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் வருங்கால வைப்பு நிதியும், பத்துப் பேரோ அதற்கு மேலோ என்றால் தொழிலாளர் அரசுக் காப்பீடும் பொருந்தும் என்பதையும் பல அறிக்கைகள் மறந்துவிடுகின்றன. தலித் முதலாளி என்பதற்காகத் தலித் தொழிலாளியின் வைப்பு நிதியை விட்டுக்கொடுக்க நம்மால் முடியாது. அந்தச் செலவும் தைப்புக்கூலியிலிருந்தே வர வேண்டும்.

பணம் தாமதமாகும் அந்த இரண்டு மாதத்தில்தான் பிரிவு விழும். முதல் மாதம் நகை அடகுக்குப் போகும். இரண்டாம் மாதம் தண்டல்காரரிடம் கடன். மூன்றாம் மாதம் வங்கித் தவணை நிற்கும். தவணை தொண்ணூறு நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகும். அதன் பிறகு அந்தக் குடும்பத்தில் எவருக்கும் வங்கி எளிதில் கதவு திறக்காது. இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு தொழில் இறந்துகொண்டிருப்பதை அறிய ஒரு வழி உண்டு: இந்த வாரக் கூலி கம்பெனியிலிருந்து வந்த பணத்தில் கொடுக்கப்பட்டதா, கைமாற்றில் கொடுக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

வங்கியின் மேசையில்

கடன் கிடைத்துவிட்டதாக வைத்துக்கொண்டு மேலே பேசினோம். அது அவ்வளவு எளிதன்று. விண்ணப்பம் msmeonline.tn.gov.in தளத்தில் பதிவாகிறது; மாவட்டத் தொழில் மையம் பரிசீலித்து வங்கிக்கு அனுப்புகிறது. அந்த மையத்தால் பரிந்துரைக்க முடியும், ஆணையிட முடியாது. மானியம் தயாராக இருந்தும் கடன் ஒப்புதல் இல்லாததால் விண்ணப்பம் கிளை மேலாளரின் மேசையில் மாதக்கணக்கில் உறங்குவது உண்டு. "சொத்து ஈடு இருக்கிறதா?", "அரசு ஊழியர் யாராவது ஜாமீன் போடுவாரா?" என்ற கேள்விகள் வாய்மொழியாகவே வரும். மறுப்பும் வாய்மொழியாகவே வரும்.

இங்கே செயல்பாட்டாளர்கள் கையில் வைத்திருக்க வேண்டிய விதிகள் மூன்று. குறு, சிறு தொழில்களுக்கான 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010இலேயே அறிவுறுத்திவிட்டது. நம் எடுத்துக்காட்டின் 9.75 லட்சம் அந்த வரம்புக்குள் வருகிறது. அதற்கு மேற்பட்ட தொகைக்கு, 2000ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்ட கடன் உத்தரவாத நிதியம் வங்கிக்கு ஈடாக நிற்கிறது. அந்த உத்தரவாதத்தின் கீழ்க் கடன் கொடுத்தால் சொத்தை ஈடாகக் கேட்கத் தேவையில்லை.

மூன்றாவது விதியே மிக முக்கியமானது. மிகக் குறைவாக அறியப்பட்டதும் அதுதான். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்குமான கடன் வசதிகள் பற்றிய ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலின்படி, அவர்களின் விண்ணப்பத்தைக் கிளை மட்டத்தில் நிராகரிக்கக் கூடாது. அடுத்த உயர்மட்ட அலுவலகமே நிராகரிக்கலாம்; அதற்கான காரணத்தையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். "உங்களுக்குக் கிடைக்காதும்மா" என்று கிளை மேலாளர் சொல்லி அனுப்பினால், அவர் தமக்கில்லாத அதிகாரத்தைப் பயன்படுத்துகிறார்.

வாய்மொழி மறுப்பை ஏற்காமல், விண்ணப்பத்தின் நிலையை எழுத்தில் கேட்டுப் பதிவஞ்சலில் ஒரு கடிதம் அனுப்புவது முதல் வேலை. பொதுத்துறை வங்கி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில், நிராகரித்த அலுவலர் யார், எந்த மட்டத்தவர், பதிவான காரணம் என்ன என்று விண்ணப்பதாரரே கேட்கலாம். வங்கிக்குப் புகார் அளித்து முப்பது நாளில் பதில் இல்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர் அலுவலரிடம் செல்லலாம். கடன் தருவதா இல்லையா என்ற வணிக முடிவில் அவர் தலையிட மாட்டார். ஆகவே புகாரை "கடன் தரவில்லை" என்று எழுதாமல், "ரிசர்வ் வங்கி வகுத்த நடைமுறையைப் பின்பற்றவில்லை" என்று எழுத வேண்டும். இந்த ஒரு சொல்மாற்றத்தால் உயிர்பெற்ற புகார்களைப் பார்த்திருக்கிறேன்.

நாற்பத்தைந்து நாள்

வங்கியைக் கடந்தவருக்கு அடுத்த சுவர், ஆர்டர் தந்த கம்பெனி. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் இங்கே வலுவான கருவியைத் தருகிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லையெனில் சரக்கை ஏற்ற பதினைந்து நாளிலும், ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் நாற்பத்தைந்து நாளிலும் பணம் தர வேண்டும் என்கிறது பிரிவு 15. ஒப்பந்தத்திலேயே தொண்ணூறு நாள் என்று எழுதியிருந்தாலும் அது செல்லாது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். வங்கி விகிதம் 6 விழுக்காடு என்றால் வட்டி 18 விழுக்காடு.

திருப்பூரில் நன்கு தெரிந்த மற்றொரு வழக்கம் டெபிட். தையல் பழுது, அளவு பிசகு என்று ஏதோ ஒன்றைக் காட்டிப் பில்லில் ஒரு தொகையைக் கழித்துவிடுவார்கள். அதுவும் இரண்டு மாதம் கழித்து. சட்டப்படி, சரக்கு வந்த பதினைந்து நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், சரக்கு வந்த நாளிலேயே ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். டெலிவரி சலானில் தேதியும் கையெழுத்தும் வாங்கி வைப்பதன் மதிப்பு அப்போது தெரியும்.

பணம் வராவிட்டால் வசதிப்படுத்தும் மன்றத்தை அணுகலாம். முதலில் சமரசம், பிறகு நடுவர் தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போகும் கம்பெனி, தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும். சிவில் வழக்கில் பத்தாண்டு அலைபவருக்கு இது பெரும் வாய்ப்பு. ஒரு நிபந்தனை: உத்யம் பதிவு முன்கூட்டியே இருக்க வேண்டும். பதிவுக்கு முந்திய சரக்குக்கு இச்சட்டத்தின் பயனைக் கோர முடியாது என்று சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025இல் வேறோர் அமர்வு இந்தக் கேள்வியைப் பெரிய அமர்வின் முடிவுக்கு அனுப்பியிருக்கிறது. அந்த முடிவுக்குக் காத்திராமல், முதல் லாட் தைப்பதற்கு முன்பே இலவசமாகப் பதிவு செய்துவிடுவதே பாதுகாப்பு.

சட்டம் இவ்வளவு வலுவாக இருந்தும் பவர்டேபிள் உரிமையாளர்கள் மன்றத்துக்கு ஏன் வருவதில்லை? காரணம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு கம்பெனி மீது மனுப் போட்டால் அடுத்த கம்பெனியும் ஆர்டர் தராது. உறவு வலைக்குள் இருப்பவருக்கு மனுவே தேவைப்படாது. ஒரு தொலைபேசி அழைப்பில், ஒரு திருமண வீட்டில் பாக்கி தீர்ந்துவிடும். வலைக்கு வெளியே இருப்பவருக்கு உரிமை உண்டு, அதைப் பயன்படுத்தினால் தொழில் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்திய இறக்குமதிக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது திருப்பூர் முழுவதும் ஆர்டர் சுருங்கியது. அத்தகைய நேரங்களில் ஏற்றுமதியாளர் முதலில் நிறுத்துவது வெளியே கொடுக்கும் வேலையைத்தான். அதிலும் யாருக்குக் கொடுப்பதை முதலில் நிறுத்துவார் என்பது சந்தை மட்டுமே முடிவு செய்யும் செய்தியன்று.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இதையும் ஓரளவு நினைத்திருக்கிறது. தொழில் செய்வதைத் தடுப்பதும் பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றம். ஒருவரோடு வணிகம் செய்ய மறுப்பதும் பொருளாதாரப் புறக்கணிப்பின் வரையறைக்குள் வருகிறது. ஊர் கூடிக் கடையில் வாங்காதே, கட்டடம் வாடகைக்குக் கொடுக்காதே என்று முடிவெடுத்தால் இப்பிரிவு பயன்படும். தனி ஒரு கம்பெனி "இந்த மாதம் வேலை இல்லை" என்று சொல்வதைச் சாதிக் காரணத்தால் என்று மெய்ப்பிப்பது மிகக் கடினம். குற்றவியல் சட்டம் இந்த இடைவெளியை நிரப்பும் என்று இளைஞர்களுக்கு நம்பிக்கையூட்ட நான் தயாராக இல்லை.

புத்தொழில் நிதி யாருக்கு

கல்லூரி மாணவர்கள் அடிக்கடி கேட்பது தமிழ்நாடு பட்டியல் சாதி, பழங்குடியினர் புத்தொழில் நிதியைப் பற்றி. ஸ்டார்ட்அப் டிஎன் என அறியப்படும் மாநில அரசு நிறுவனம் வழியாக இது 2022-23இல் 30 கோடி ரூபாயில் தொடங்கியது. இது கடனுமன்று, மானியமுமன்று, பங்கு முதலீடு. பெரும்பான்மைப் பங்கு பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் கையில் இருக்கும் புத்தொழில் நிறுவனத்தில் அரசு பங்குதாரராகிறது. தொழில் தோற்றால் வீடு ஏலத்துக்கு வராது. நம் மக்களுக்கு இதுவரை எட்டாக் கனியாக இருந்த பணம் இந்த வகைதான் என்பதால் இதை வரவேற்கிறேன்.

ஆனால் மடத்துக்குளத்துப் பவர்டேபிளுக்கு இது பொருந்தாது. புத்தொழில் என்ற அங்கீகாரம் பெற நிறுவனமாகவோ கூட்டாண்மையாகவோ பதிவு வேண்டும். புதுமையான பொருளோ வேகமாகப் பெருகும் வாய்ப்போ காட்ட வேண்டும். கூலிக்குத் தைப்பதில் புதுமை எதையும் காட்ட முடியாது. ஆடை வடிவமைப்புப் படித்துத் தன் பெயரில் இணையத்தில் விற்க நினைக்கும் மாணவிக்கும், சாயக்கழிவைக் குறைக்கும் முறையைக் கண்டறிந்த வேதியியல் பட்டதாரிக்கும் இந்த நிதியும் முதலிபாளைய இன்குபேஷன் மையமும் சரியான வாசல்கள். பத்தாண்டு ஓவர்லாக் ஓட்டியவருக்கு அவை திறக்காத வாசல்கள். அவருக்கு வேண்டியது படேவியாவில் இருந்ததைப் போன்ற பழைய வகை இன்குபேட்டர்: கூரை, பொதுக் கணக்கர், பில் பாக்கியை வசூலிக்கும் ஓர் அலுவலகம், வாரக்கூலிக்கு ஒரு சுழல் நிதி. ஒரு தனி உரிமையாளர் கம்பெனி மீது மனுப் போட்டால் அவரது ஆர்டர் போகும். முப்பது பிரிவுகளின் பாக்கியை ஒரு பொது அலுவலகம் கேட்டால், முப்பது பேரையும் ஒரே நாளில் இழக்கக் கம்பெனி யோசிக்கும். தாட்கோ தொழிற்பேட்டை இந்த வகையாக மாறியிருக்க முடியும், கொட்டகையோடு நின்றுவிட்டது.

ஆர்டரை அரசு தர முடியும்

இதைச் சொன்னால், ஆர்டர் கொடுப்பது சந்தையின் வேலை, அரசின் வேலையா என்று கேட்பார்கள். தமிழ்நாடு அரசு பல்லாண்டுகளாக அதைச் செய்துவருகிறது. பள்ளி மாணவர்களின் விலையில்லாச் சீருடைகளைத் தைக்கும் வேலை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தரப்படுகிறது. துணி அரசு தருகிறது. தைப்புக்கூலி முன்பே தீர்மானிக்கப்படுகிறது. பெண்களுக்கென்று ஓர் ஆர்டர் ஒதுக்கீடு நம் கண்முன்னே நடைமுறையில் இருக்கிறது.

மத்திய அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணையும் உண்டு. மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு தொழில்களிடமும், அதற்குள் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடமும் வாங்க வேண்டும். 2015 முதல் இது கட்டாயம். இந்த 4 விழுக்காட்டுக்கு விற்பனையாளரை உருவாக்கவே 2016இல் தேசியப் பட்டியல் சாதி-பழங்குடி மையம் தொடங்கப்பட்டது. ஆணையில் ஓர் ஓட்டையும் உண்டு: தகுதியான தலித் நிறுவனம் ஒப்பந்தப்புள்ளியில் பங்கேற்காவிட்டாலோ விலை நிபந்தனையை நிறைவு செய்யாவிட்டாலோ, அந்த 4 விழுக்காட்டை மற்றச் சிறு தொழில்களிடம் வாங்கிக்கொள்ளலாம். "ஆள் இல்லை" என்று எழுதிவிட்டால் கடமை முடிந்தது. மருத்துவமனை விரிப்பும், சீருடையும், பனியனும் அரசுத் துறைகள் வாங்கும் பொருள்கள்தாம். அவற்றைத் தைப்பவர்கள் உடுமலைக்கும் மடத்துக்குளத்துக்கும் தினமும் பேருந்தில் வந்துபோகிறார்கள்.

அண்ணல் அம்பேத்கர் திட்டத்தோடு இப்படி ஓர் ஆர்டர் உறுதி இணைக்கப்பட்டால் மேலே போட்ட கணக்கு மாறிவிடும். ஆண்டின் நான்கு மாதத்துக்கான வேலை அரசிடமிருந்து, முப்பது நாளில் பணம் என்ற நிபந்தனையோடு வந்தால், மீதி எட்டு மாதம் தனியார் கம்பெனியோடு பேரம் பேச ஒருவருக்கு முதுகெலும்பு கிடைக்கும். அந்த நான்கு மாதத்தில் 6.4 லட்சத்தின் சுமையும் பாதியாகக் குறையும்.

அதுவரை மாணவர்களும் அமைப்புகளும் உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. திருப்பூர் மாவட்டத் தொழில் மையத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: இத்திட்டத்தில் 2023 முதல் மடத்துக்குளம் வட்டத்திலிருந்து வந்த விண்ணப்பங்கள் எத்தனை, வங்கிக்குப் பரிந்துரைக்கப்பட்டவை எத்தனை, கடன் வழங்கப்பட்டவை எத்தனை, அவற்றுள் உற்பத்தித் தொழில் எத்தனை, வாகனக் கடன் எத்தனை, பெண்கள் எத்தனை, ஈராண்டு கடந்தும் இயங்குபவை எத்தனை. மாவட்டத்தின் பொதுத்துறை வங்கிகளுக்கு மற்றொரு மனு: அதே காலத்தில் நிராகரிக்கப்பட்ட பட்டியல் சாதி விண்ணப்பங்கள் எத்தனை, அவற்றுள் கிளைக்கு மேற்பட்ட அலுவலகம் ஆராய்ந்து நிராகரித்தவை எத்தனை. ஒவ்வொரு மனுவுக்கும் தனித்தனியே பத்து ரூபாய்க் கட்டணம். முப்பது நாளில் பதில் வர வேண்டும்.